காண்பனவும் அறிவனவும்: ஓர் ஆய்வக அறிக்கையின் கதை

(இராமநாதபுரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து வந்து என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, பன்னிரண்டு வரை தமிழ்வழியில் முடித்துவிட்டுக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தாள். முதல் பருவத்திலேயே ஒரு நாள் வீட்டுக்கு வந்து செல் உயிரியல் ஆய்வக அறிக்கையை என் முன் வைத்தாள். பக்கமெங்கும் சிவப்பு மை. "எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர். தமிழ் இலக்கியத்துக்கு மாத்திக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள்.

படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை ஐந்தாறுதான். சிவப்பு மை பெரும்பாலும் வேறு காரணத்துக்காக விழுந்திருந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

சோதனை நமக்குத் தெரிந்ததுதான், பிளாஸ்மா சிதைவு. ரியோ இலையின் அடிப்புறத்து ஊதாநிறப் புறத்தோலை உரித்து உப்புக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. அவள் எழுதியிருந்த முக்கிய வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உப்புக் கரைசலில் இட்டதால் நீர் வெளியேறி செல் சுருங்கியது."

தமிழில் இது நல்ல வாக்கியம். 'இட்டதால்', 'வெளியேறி' என்று காரணமும் விளைவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. ஆனால் அறிக்கை என்று பார்த்தால் இதில் இரண்டு தவறுகள்.

முதலாவது, நீர் வெளியேறியதை அவள் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டேன்: "உங்க வீட்டில் கருவாட்டுக்கு மீனை உப்பில் போட்டால் என்ன ஆகும்?" "தண்ணி விடும் டீச்சர், தொட்டியில் தேங்கி நிற்கும்." "நுண்ணோக்கியில் அந்தத் தண்ணியைப் பார்த்தாயா?" கொஞ்சம் யோசித்து, "இல்லை, ஊதா நிறம் ஓரத்தை விட்டு உள்ளே ஒதுங்கினதைத்தான் பார்த்தேன்" என்றாள். ஒதுங்கியது காட்சி. நீர் வெளியேறியது அந்தக் காட்சியிலிருந்து நாம் வந்த முடிவு.

இரண்டாவது, செல் சுருங்கவில்லை. செல்சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுவரை விட்டுப் பிரிந்து சுருங்கியது புரோட்டோபிளாஸ்ட். 'தி செல் ஷ்ராங்க்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை, உயிரியல் பிழை இருக்கிறது. 'தி புரோட்டோபிளாஸ்ட் ஷ்ராங்க் அவே ஃப்ரம் தி செல் வால்' என்று எழுத வேண்டும்.

வேதியியல் செய்முறையில் நம் பிள்ளைகள் 'காண்பன', 'அறிவன' என்று இரண்டு கட்டம் போடுகிறார்கள் அல்லவா? ஆங்கில அறிக்கையில் 'ரிசல்ட்ஸ்' என்பது காண்பன, 'டிஸ்கஷன்' என்பது அறிவன. இப்படிச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. பிறகு அறிக்கையை இருவரும் சேர்ந்து திரும்ப எழுதினோம். ரிசல்ட்ஸிலிருந்துதான் தொடங்கினோம். பார்த்தது என்ன என்பது உறுதியானால் மற்றப் பகுதிகள் அதைச் சுற்றி அமைந்துவிடும்.

ரிசல்ட்ஸ். ஒவ்வொரு கரைசலிலும் அவள் 50 செல்களை எண்ணியிருந்தாள். காய்ச்சி வடித்த நீரில் ஒன்றிலும் சிதைவு இல்லை. 0.5 சதவீத உப்பில் 4, 1 சதவீதத்தில் 31, 3 சதவீதத்தில் 50. இவ்வளவு நல்ல எண்கள் பழைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிடந்தன. அவற்றை அட்டவணையாக்கி, கீழே இப்படி எழுதினோம்: 'பிளாஸ்மாலிசிஸ் வாஸ் அப்சர்வ்ட் இன் 31 ஆஃப் 50 செல்ஸ் இன் 1 பர்சன்ட் சோடியம் குளோரைடு.' இந்தப் பகுதிக்கு ஒரே விதி வைத்தேன்: 'பிகாஸ்' என்ற சொல் வரக்கூடாது. அது வந்தால் அறிவன உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ். இங்கே கையேட்டின் கட்டளைகளை அப்படியே எழுதியிருந்தாள்: 'டேக் எ லீஃப்', 'புட் இட் இன் சால்ட் வாட்டர்.' கையேடு, செய்யப் போகிறவருக்குச் சொல்வது. அறிக்கை, செய்து முடித்ததைச் சொல்வது. அதனால் இறந்தகாலம், பெரும்பாலும் செயப்பாட்டுவினை: 'எபிடெர்மல் பீல்ஸ் வேர் பிளேஸ்டு இன் ஈச் சொல்யூஷன் ஃபார் 10 மினிட்ஸ்.' உரித்தல் ஒன்றென்றால் 'வாஸ்', பல என்றால் 'வேர்'. செறிவு, நேரம், உருப்பெருக்கம், எண்ணிய செல்கள் ஆகிய நான்கும் இருந்தால், வேறொருவர் அதைப் பார்த்துச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியும்.

இன்ட்ரொடக்ஷன். நான்கைந்து வாக்கியம் போதும். எப்போதும் உண்மையாக இருப்பதற்கு நிகழ்காலம்: 'வாட்டர் மூவ்ஸ் அக்ராஸ் தி மெம்பரேன் பை ஆஸ்மோசிஸ்.' கடைசி வாக்கியம் நோக்கம்: 'தி எய்ம் ஆஃப் திஸ் எக்ஸ்பெரிமென்ட் வாஸ் டு ஃபைண்ட்...' செய்து முடித்த சோதனை என்பதால் இது இறந்தகாலத்துக்கு மாறுகிறது. ஒரே பத்தியில் காலம் மாறுவது பிழையென்று அவள் நினைத்திருந்தாள். காரணம் தெரிந்தபின் குழப்பம் இல்லை.

டிஸ்கஷன். பழைய அறிக்கை 'ஹென்ஸ் ப்ரூவ்ட்' என்று முடிந்திருந்தது. அது கணக்குப் பாடத்திலிருந்து வந்தது. ஓர் இலையில் 50 செல்களைப் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது. தமிழில் 'தெரிகிறது' என்ற ஒரு சொல், கண்ணுக்குத் தெரிவதற்கும் அறிவுக்குப் புலப்படுவதற்கும் பொதுவாக நிற்கிறது. ஆங்கில அறிக்கையில் முதலாவதுக்கு 'வாஸ் அப்சர்வ்ட்', இரண்டாவதுக்கு 'திஸ் சஜெஸ்ட்ஸ் தட்'. 0.5 சதவீதத்தில் 4, 1 சதவீதத்தில் 31 என்றால், பாதி செல்கள் சிதையும் செறிவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம் என்பதையும் ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்தாள். 3 சதவீதத்திலேயே எல்லாச் செல்களும் சிதைந்ததால், கடல்நீரிலும் அப்படியே ஆகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அவள் கடல்நீரில் சோதிக்கவில்லை. அதனால் 'வுட் பி எக்ஸ்பெக்டெட்' என்றுதான் எழுதலாம், 'வாஸ்' போடக்கூடாது.

அந்த உரித்தலை மீண்டும் நீரில் இட்டபோது ஊதா நிறம் விரிந்து சுவரைத் தொட்டதையும் அவள் பார்த்திருந்தாள். 'முக்கியமில்லைன்னு விட்டுட்டேன்' என்றாள். உண்மையில் அதுதான் முக்கியம். சவ்வு செத்திருந்தால் நிறம் வெளியே கசிந்து போயிருக்கும், திரும்பி விரியாது. செல்கள் உயிரோடு இருந்தன என்று சொல்ல அவளிடம் இருந்த வலுவான ஆதாரம் அந்தக் காட்சிதான். அதை ரிசல்ட்ஸில் சேர்த்து, அதன் பொருளை டிஸ்கஷனில் எழுதினோம்.

கடைசியில் குறைகள்: 'ஒன் லிமிட்டேஷன் வாஸ் தட் ஒன்லி ஒன் லீஃப் வாஸ் யூஸ்டு.' குறையைச் சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று பயந்தாள். சொல்லாவிட்டால்தான் போகும் என்றேன்.

தலைப்பைக் கடைசியாக எழுதினோம். 'பிளாஸ்மாலிசிஸ்' என்று மட்டும் இருந்தது, 'எஃபெக்ட் ஆஃப் சோடியம் குளோரைடு கான்சன்ட்ரேஷன் ஆன் பிளாஸ்மாலிசிஸ் இன் ரியோ லீஃப் செல்ஸ்' என்று ஆயிற்று. எதை மாற்றினோம், எதை அளந்தோம், எதில் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

அவள் துறை மாறவில்லை. அடுத்த அறிக்கையிலும் சிவப்பு மை இருந்தது. இந்த முறை அது 'வாஸ்', 'வேர்' பிழைகளுக்காக மட்டும்.

இப்போது என் ஒன்பதாம் வகுப்பில், தமிழில் எழுதும் செய்முறைக்கே ஏட்டின் பக்கத்தை நடுவில் மடிக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் காண்பன, வலப்பக்கம் அறிவன. 'இட்டதால்', 'ஆகையால்' எல்லாம் வலப்பக்கம்தான் வரவேண்டும். இடப்பக்கம் அப்படி ஒரு சொல் வந்தால், "இதை நீ பார்த்தாயா?" என்று மட்டும் கேட்கிறேன்.