மோட்டார் சைக்கிளில் மூவர் செல்லலாகாது
(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சந்தைக்கும் கலியாணத்திற்கும் ஒரே மோட்டார் சைக்கிளில் மூவராகச் செல்வது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. அது குற்றம் என்பது பலரும் அறிந்ததே. ஏன் குற்றமாயிற்று என்பதையே நாம் இன்று விளக்க விரும்புகிறோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஓட்டுபவர் தம்மையன்றி ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம் என விதிக்கிறது. அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட இருக்கையில்தான் அமர வேண்டும். ஆகவே பெட்ரோல் டாங்கின்மேல் குழந்தையை அமர்த்துவதற்கும் இடமில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 194-சி பிரிவின்படி, மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. மூன்று மாதங்களுக்கு லைசென்சு வைத்திருக்கும் தகுதியையும் அவர் இழப்பார்.

இனிக் காரணத்தைப் பார்ப்போம். வண்டியில் பாரம் ஏற்றும்போது பின்பாரம் மிகாமல் பார்த்துக்கொள்கிறோம். மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். மாடுகளுக்குப் பிடி இராது. மோட்டார் சைக்கிளிலும் அதுவே நிகழ்கிறது. மூன்றாமவர் பின்சக்கரத்தின் அச்சுக்கும் அப்பால் அமர்வதால் முன்சக்கரத்தின் பாரம் குறைகிறது. திசையைத் திருப்புவது முன்சக்கரமே. அது தரையை நன்கு பற்றாவிடில், மணல் கிடக்கும் வளைவில் வண்டி நாம் திருப்பிய வழியில் செல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 110 கிலோ, ஆள் ஒன்றுக்கு 60 கிலோ எனக் கொள்வோம். இருவர் சென்றால் மொத்தம் 230 கிலோ; மூவர் சென்றால் 290 கிலோ. ஒரே வேகத்தில் வந்தாலும், பிரேக் அடக்க வேண்டிய விசை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதே சமயம், ஓட்டுபவர் டாங்கின்மேல் நெருக்கப்பட்டிருப்பார். கைப்பிடியைத் திருப்பினால் முழங்காலில் இடிக்கும். காலும் பிரேக்கை எளிதில் எட்டாது. குறுக்கே ஓர் ஆடு ஓடிவந்து அவர் திடீரென நிறுத்த நேர்ந்தால், பின்னுள்ள இருவரும் அவர் முதுகில் சாய்வர்.

மூன்றாமவர் நிலை இன்னும் மோசம். பின்னால் அமர்பவருக்கென உள்ள மிதிகட்டை ஒரு ஜோடியே. அவருக்குக் காலூன்ற இடமில்லை. பிடித்துக்கொள்ளவும் முன்னிருப்பவர் தோளையன்றி வேறில்லை. வேகத்தடை ஒன்றே அவரைத் தூக்கியெறியப் போதும்.

இரவில் வேறோர் ஆபத்தும் உண்டு. பின்புறம் அமிழ்ந்து முன்விளக்கு மேல்நோக்கும். எதிரில் வருபவர் கண் கூசும். நம் முன்னுள்ள பள்ளமோ இருளில் மறையும். விளக்கொளி மரக்கிளைகளில் படுவதும், பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு டயரில் உரசுவதும், கைப்பிடி வழக்கத்தைவிட இலேசாகத் தோன்றுவதும் பாரம் மிஞ்சியதற்கு அடையாளங்கள்.

ஆதலின், மூவர் புறப்படும்போது ஒருவரைப் பஸ்ஸில் அனுப்புக. பஸ் இல்லாத நேரமாயின் இரு நடையாகச் செல்க. இரண்டாம் நடைக்கு ஆகும் பெட்ரோல் செலவு அபராதத்தில் மிகச் சிறு பங்கே.