சிவப்பு வரவே இல்லையே, அப்புறம் எப்படி வெள்ளை போச்சு?

இன்னைக்கு ஒரு தோள்பட்டையைப் பத்திப் பேசப்போறோம். ஒரு வெள்ளைச் சட்டையோட தோள்பட்டை.

மயிலாப்பூர்ல ஒரு சின்ன தையல்கடை. அங்கே தைக்கிற பெரியவரை வச்சு ஒரு குட்டி ஆவணப்படம் எடுத்தேன். கடைக்கு உள்ளே நிழல், வாசல்ல பதினோரு மணி வெயில். அந்த வெயில் ஒரு பட்டை மாதிரி உள்ளே வந்து அவரோட இடது தோள்ல விழுந்துட்டு இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. S-Log3-ல ஷூட் பண்றேன், கேமரா மேல ஒரு ஏழு இன்ச் மானிட்டர், அதுல ஃபால்ஸ் கலர் ஆன். ஃப்ரேம்ல எங்கேயும் சிவப்பு இல்லை. சிவப்பு இல்லைன்னா எதுவும் வெளுத்துப்போகலைன்னு அர்த்தம், இல்லையா? நிம்மதியா ஒன்றரை மணி நேரம் எடுத்துட்டு வந்தேன்.

எடிட்ல பார்த்தா தோள்ல துணியே இல்லை. நெசவு இல்லை, மடிப்பு இல்லை, காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி ஒரு திட்டு. பிரைட்னஸைக் குறைச்சா அந்தத் திட்டு சாம்பலா மாறுதே தவிர, போன டீடெயில் திரும்ப வரலை.

என்ன நடந்ததுன்னா, ஃபால்ஸ் கலர் காட்சியைப் பார்த்து நிறம் போடுறதில்லை. மானிட்டருக்கு வர்ற சிக்னலோட அளவைப் பார்த்துதான் போடுது. நிறைய மானிட்டர்ல அந்த அளவுகோல் Rec.709 படத்துக்காகப் போட்டது. என்னோடதுல 38-ல இருந்து 42 சதவீதம் பச்சை, 52-ல இருந்து 56 பிங்க், 97-ஐத் தாண்டினா மஞ்சள், 99-க்கு மேல சிவப்பு. நடுவுல இருக்கிறதெல்லாம் வெறும் கறுப்பு வெள்ளை. ஆனா S-Log3-ல என் கேமரா சென்சார் நிரம்பிப்போற இடம் 100 இல்லை, ஏறக்குறைய 94. அதுக்கு மேல சிக்னல் போகவே போகாது. அதனால சிவப்பு வர்றதுக்கு வாய்ப்பே இல்லை. வெளுத்துப்போன தோள், மானிட்டர்ல ஒண்ணும் தெரியாத அப்பாவி சாம்பல் நிறத்துல உட்கார்ந்திருந்தது.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. மானிட்டர்ல LUT போட்டு, அந்த மாறின படத்து மேல ஃபால்ஸ் கலர் வேலை செஞ்சா, ஜன்னல் எல்லாம் சீக்கிரமே சிவப்பாகிடும். பதிவாகிற லாக்ல இன்னும் நிறைய இடம் இருக்கும். அது தெரியாம பயந்து அப்பர்ச்சரை மூடுவோம், முகம் இருட்டாகி நாய்ஸ் ஏறும். சில மானிட்டர் LUT-க்கு முன்னாடி அளக்கும், சிலது பின்னாடி அளக்கும். மெனுவைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லிட முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் கிரே கார்டை நீட்டுவாங்க. இந்தக் கேள்விக்கு கிரே கார்டு உதவாது. 18 சதவீத கிரே S-Log3-ல 41-ல நிக்கும், Rec.709-லயும் நாற்பதைச் சுத்திதான் நிக்கும். ரெண்டுலயும் பச்சைதான். வித்தியாசம் தெரியுறது வெள்ளையில. அதே வெளிச்சத்துல கிரே கார்டு பக்கத்துல ஒரு ஏ4 பேப்பரைப் பிடிங்க. கிரே 41-ல இருக்கும்போது பேப்பர் 60 பக்கம் காட்டினா, மானிட்டர் அளக்கிறது லாக் சிக்னலை. பேப்பர் 90-ஐ நெருங்கினா, LUT போட்ட படத்தை அளக்குது. LUT-ஐ ஆன் பண்ணி ஒரு தடவை, ஆஃப் பண்ணி ஒரு தடவை பாருங்க. நம்பர் தெரியணும்னா வேவ்ஃபார்மையும் கூட வச்சுக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது ஜீப்ரா. இதை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் வச்சிருக்கேன்: உச்சி எங்கேன்னு சொல்ல. வீட்லயே ஒரு எல்இடி பல்பை ஃப்ரேம்ல வச்சு, லாக்ல, LUT இல்லாம, அப்பர்ச்சரை மெல்லத் திறந்துட்டே போங்க. வேவ்ஃபார்ம் மேல ஏறும், ஒரு இடத்துல தட்டையா நின்னுடும். இன்னும் திறந்தாலும் ஏறாது. அந்த நம்பர்தான் உங்க கேமராவோட கூரை. எனக்கு 94 வந்தது, அதனால ஜீப்ராவை 92-ல வச்சிருக்கேன். ஒரு எச்சரிக்கை: இதை பேஸ் ஐஎஸ்ஓ-ல பண்ணுங்க, என் கேமரால அது 800. அதுக்குக் கீழே இறக்கினா கூரையும் கீழே இறங்கிடும், ஜீப்ரா 92-க்குக் காத்துக்கிட்டே இருக்கும், வரவே வராது.

ரெண்டு வாரம் கழிச்சு அதே கடைக்குத் திரும்பப் போனேன். பெரியவர், "மறுபடியுமா தம்பி?"ன்னு சிரிச்சார். அதே நேரம், அதே வெயில். f/2.8-ல முகத்துக்குப் பக்கத்துல பிடிச்ச கிரே கார்டு 41, நிழல்ல இருக்கிற சட்டை 60 சொச்சம், எல்லாம் சரி. தோள்ல மட்டும் ஜீப்ரா கோடு ஓடுது. S-Log3-ல கிரேக்கும் கூரைக்கும் நடுவுல ஏறக்குறைய ஆறு ஸ்டாப்தான் இருக்கு. வெள்ளைத்துணி ஏற்கெனவே அதுல ரெண்டு ஸ்டாப்புக்கு மேல சாப்பிட்டுடும். மிச்சம் நாலு ஸ்டாப்கூட இல்லை. வெயில் அதைத் தாண்டிடுச்சு.

f/4-க்கு மூடிப் பார்த்தேன். கோடு போயிடுச்சு, ஆனா கிரே 32-க்கு இறங்கிடுச்சு, முகமும் கூடவே இறங்கிடுச்சு. எனக்கு முகம்தான் முக்கியம். திரும்ப f/2.8-க்கே வந்து, அவர் கடையில இருந்த ஒரு மெல்லிசான வெள்ளைத் துணியை வாங்கி வாசல்ல பாதிக்குக் கட்டினோம். வெயில் பட்டை இருந்தது, தோளும் இருந்தது. துணி வேணும்னு தெரிஞ்சதே அந்த ஜீப்ராவாலதான்.

இங்கே முகத்தைப் பத்தி ஒரு சண்டை எனக்கு உண்டு. நிறைய டுடோரியல்ல முகத்தை பிங்க்ல வைங்கன்னு சொல்லுவாங்க. பிங்க்னா கிரேக்கு ஒரு ஸ்டாப் மேல, அது வெளுத்த தோலுக்குச் சொன்ன கணக்கு. Rec.709 கணக்குலதான் அது 52-56, S-Log3-ல ஒரு ஸ்டாப் மேலன்னா 50 பக்கம்தான் வரும். நம்ம பெரியவரோட கறுத்த முகத்தை அங்கே கொண்டுபோய் வச்சா அவர் அவரா இருக்க மாட்டார். அவர் முகத்தோட வெளிச்சப் பக்கம் பச்சையை ஒட்டித்தான் இருந்தது, சில இடத்துல அதுக்கும் கீழே. அதனால நான் கார்டை வச்சு செட் பண்ணிட்டு, தோல் எங்கே விழுதோ அங்கேயே விட்டுடுவேன்.

ஃபோக்கஸ் பீக்கிங் பத்தி சுருக்கமா. ஃபால்ஸ் கலர் ஆன்ல இருக்கும்போது பீக்கிங்கை நம்பாதீங்க, நிறத்துக்குள்ள நிறம் தொலைஞ்சுடும். நான் F1 பட்டன்ல ஃபால்ஸ் கலர், F2-ல பீக்கிங் வச்சிருக்கேன், ஒண்ணை அணைச்சுட்டுத்தான் அடுத்தது. பீக்கிங் தேடுறது கண்ணை இல்லை, கான்ட்ராஸ்ட் இருக்கிற விளிம்பை. கட்டம் போட்ட சட்டை, நரைச்ச தாடி, இதெல்லாம் கண்ணுக்கு முன்னாடியே மினுங்கும். லாக் படம் சப்பையா இருக்கிறதால விளிம்பு சரியாப் பிடிக்காது, உடனே சென்சிட்டிவிட்டியை ஏத்துவோம், அப்புறம் நாய்ஸ்கூட மினுங்கும். அதுக்குப் பதிலா LUT-ஐப் போட்டுட்டு சென்சிட்டிவிட்டியைக் குறைச்சே வைங்க. ஃபோக்கஸ் ரிங்கைக் கண்ணைத் தாண்டித் திருப்பி, மறுபடி திரும்பி வாங்க. கடைசியா மானிட்டர்ல ஜூம் பண்ணி இமை முடி தனித்தனியாத் தெரியுதான்னு பாருங்க. பெரியவருக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது, ஃப்ரேமோட விளிம்புலதான் பீக்கிங் பளபளன்னு நின்னுச்சு. ஜூம் பண்ணலைன்னா அன்னைக்கும் ஒரு தடவை திரும்பிப் போயிருக்கணும்.