எத்தனை பேர், எத்தனை சதவீதம்: ஒரே எண்ணுக்கு எந்தச் சார்ட்?

போன வாரம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தாங்க. ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல வேலை பார்க்கிறாங்க. தமிழ்நாட்டுல கிராமத்துல எத்தனை பேர், நகரத்துல எத்தனை பேர், இது நாற்பது வருஷத்துல எப்படி மாறியிருக்கு, இதை ஒரே ஸ்லைடுல காட்டணும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களை எடுத்து, 1971-ல இருந்து 2011 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒண்ணா ஐந்து பை சார்ட் வரிசையா போட்டிருக்காங்க. ஸ்கூல்ல வட்ட விளக்கப்படம்னு படிச்சோமே, அதேதான். "பார்க்கிற எல்லாரும் கிராமங்கள் காலியாகிட்டு வருதுன்னு சொல்றாங்க, அப்படித்தானா?"ன்னு கேட்டிருந்தாங்க.

அப்படி இல்லை. அவங்க எடுத்த எண்கள் எல்லாமே சரி, சார்ட்தான் வேற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு இந்த ஒரு உதாரணத்தை மட்டும் எடுத்துக்கிட்டு முழுசா பார்க்கலாம். எபிசோடுல நான் வாசிச்ச எண்களை இங்கே அட்டவணையா கொடுத்திருக்கேன். மக்கள் எண்ணிக்கை எல்லாம் கோடியில்.

| ஆண்டு | கிராமம் | நகரம் | மொத்தம் | நகரத்தின் பங்கு |
|---|---|---|---|---|
| 1971 | 2.87 | 1.25 | 4.12 | 30.3% |
| 1981 | 3.25 | 1.60 | 4.84 | 33.0% |
| 1991 | 3.68 | 1.91 | 5.59 | 34.2% |
| 2001 | 3.49 | 2.75 | 6.24 | 44.0% |
| 2011 | 3.72 | 3.49 | 7.21 | 48.4% |

ஐந்து வட்டம் எதை மறைக்குது?

கடைசி ரெண்டு வரியை மட்டும் பாருங்க. 2001-ல கிராமத்தோட பங்கு 56 சதவீதம். 2011-ல அது 51.6 ஆகக் குறைஞ்சிருக்கு. பை சார்ட்டுல கிராமத் துண்டு சின்னதாகுது, அது உண்மைதான். ஆனா அதே பத்து வருஷத்துல கிராமத்துல வாழற மக்கள் 3.49 கோடியில இருந்து 3.72 கோடியா ஏறியிருக்காங்க. சுமார் 23 லட்சம் பேர் கூடுதல். பங்கு குறையுது, ஆள் கூடுறாங்க. நகரம் இன்னும் வேகமா வளர்ந்ததால ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கு.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லைங்க. ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டணும், ஒரு ரேஷன் கடை திறக்கணும்னா அங்கே பங்கு உதவாது, தலை எண்ணிக்கைதான் வேணும். அந்த ஸ்லைடைப் பார்த்து "கிராமம் சுருங்குது, அங்கே செலவைக் குறைக்கலாம்"னு ஒருத்தர் முடிவெடுத்தா, புதுசா வந்த 23 லட்சம் பேர் அந்தத் திட்டத்துலயே இல்லை.

பை சார்ட் மொத்தத்தை எப்பவுமே நூறுன்னு வெச்சுக்கும். 1971-ல 4.12 கோடி, 2011-ல 7.21 கோடி. ஆனா ரெண்டு வட்டமும் ஒரே சைஸ். சிலர் மொத்தத்துக்கு ஏத்த மாதிரி வட்டத்தைப் பெருசாக்குவாங்க. அதுவும் பெருசா உதவாது. மக்கள்தொகை 75 சதவீதம் கூடியிருக்கு, பரப்பளவை அதே அளவுக்குக் கூட்டினா வட்டத்தோட விட்டம் சுமார் 32 சதவீதம்தான் கூடும். பார்க்கிறவங்களுக்கு "கொஞ்சம் பெருசு"ன்னுதான் தோணும்.

இன்னொரு சிக்கல், ஒப்பிடுறது. 33.0-க்கும் 34.2-க்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டு வட்டத்துல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கிளீவ்லேண்ட், மெக்கில்னு ரெண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1984-ல இதைச் சோதனை செஞ்சு வெளியிட்டாங்க. ஒரே அளவுகோல்ல புள்ளி எங்கே இருக்குன்னு பார்க்கிறப்போ நம்ம கண் துல்லியமா கணிக்குது, கோணத்தைப் பார்க்கிறப்போ அதிகமா தப்பு பண்ணுது.

அதுக்காக பை சார்ட்டே வேண்டாம்னு சொல்ல வரலை. 2011-ஐ மட்டும் காட்டணும், "கிட்டத்தட்ட பாதிப் பேர் நகரத்துல இருக்காங்க"ன்னு சொல்லணும்னா, ஒரே ஒரு பை சார்ட் பிரமாதமா வேலை செய்யும். அரை வட்டம், கால் வட்டம் இதெல்லாம் கண்ணுக்கு உடனே தெரியும். சுவாரசியமா ஒண்ணு சொல்றேன். லைன் சார்ட், பை சார்ட் ரெண்டையும் நமக்குக் கொடுத்தவர் ஒரே ஆள்தான், வில்லியம் பிளேஃபேர். 1786-ல வெளியிட்ட புத்தகத்துல இங்கிலாந்தோட ஏற்றுமதி, இறக்குமதி வருஷா வருஷம் எப்படி மாறுதுன்னு காட்ட கோடு போட்டார். 1801-ல துருக்கிப் பேரரசோட நிலம் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கான்னு எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு காட்ட வட்டம் போட்டார். காலத்துக்குக் கோடு, ஒரு நேரத்துப் பங்குக்கு வட்டம். கண்டுபிடிச்சவரே அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கார்.

ரெண்டையும் ஒண்ணா காட்டிட்டா?

இப்போ நிறைய பேர் அடுத்ததா கேட்கிறது இதுதான்: "மொத்தம், பங்கு, மாற்றம் மூணையும் ஒரே சார்ட்டுல காட்டலாமே?" ஸ்ப்ரெட்ஷீட் மெனுவுல அதுக்குன்னே `Stacked area` இருக்கு. கீழே கிராமம் ஒரு அடுக்கு, அதுக்கு மேல நகரம் ஒரு அடுக்கு. பார்க்க அழகா இருக்கும். இந்த எண்களைப் போட்டுப் பார்த்தா என்ன ஆகுதுன்னு கவனிங்க.

மேல் விளிம்பு காட்டுறது மொத்த மக்கள்தொகை. 1991-ல இருந்து 2001-க்கு அது 65 லட்சம் ஏறுது. 2001-ல இருந்து 2011-க்கு 97 லட்சம் ஏறுது. அதாவது மேல்கோடு கடைசிப் பத்து வருஷத்துல இன்னும் செங்குத்தா நிமிருது. நகரம்தானே மேல இருக்கு? அதனால பார்க்கிறவர் கண், "அடேயப்பா, நகரம் இப்போ இன்னும் வேகமா வளருது"ன்னு படிக்கும்.

உண்மையில நகரத்துல முதல் பத்து வருஷத்துல கூடினது 84 லட்சம், அடுத்த பத்து வருஷத்துல 74 லட்சம். வேகம் குறைஞ்சிருக்கு! சார்ட் நேர் எதிரா சொல்லுது. நகரத்தோட அடுக்கு தரையில நிக்கலை, கிராமத்தோட அடுக்கு மேல நிக்குது. 2001-ல கீழ இருக்கிற அடுக்கு கொஞ்சம் இறங்குச்சு, அது மேல இருக்கிறதையும் சேர்த்து இழுத்துடுச்சு. 2011-ல திரும்ப ஏறினப்போ, மேல இருக்கிறதையும் தூக்கிக் காட்டுது. நகரத்தோட உண்மையான வளர்ச்சி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளியில ஒளிஞ்சிருக்கு. சரிவான இடத்துல அந்த இடைவெளியைச் செங்குத்தா அளக்கிறது நம்ம கண்ணுக்கு வராது.

அதனால அடுக்கு சார்ட்டுல நம்பிப் படிக்கக்கூடியது ரெண்டே விஷயம்: தரையில நிக்கிற முதல் அடுக்கு, எல்லாத்துக்கும் மேல இருக்கிற மொத்தம். உங்க செய்தி நடு அடுக்கைப் பத்தியோ மேல் அடுக்கைப் பத்தியோ இருந்தா, இந்தச் சார்ட் வேண்டாம்.

அப்போ என்ன போடலாம்?

சார்ட் மெனுவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, சொல்ல வர்ற செய்தியை ஒரு வாக்கியமா எழுதிப் பாருங்க. "கிராமத்து மக்கள் 23 லட்சம் கூடினாங்க"ன்னு வந்தா, அது எண்ணிக்கையோட மாற்றம். "நகரத்தோட பங்கு 30-ல இருந்து 48 சதவீதமாச்சு"ன்னு வந்தா, அது பங்கோட மாற்றம். இந்த நேயருக்கு ரெண்டுமே வேணும். ரெண்டு வாக்கியம்னா ரெண்டு சார்ட். ஒரே ஸ்லைடுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, ஆண்டுகள் நேருக்கு நேர் வர்ற மாதிரி வெச்சா போதும்.

மேல ஒரு லைன் சார்ட்: கிராமத்துக்கு ஒரு கோடு, நகரத்துக்கு ஒரு கோடு, ரெண்டும் பூஜ்யத்துல தொடங்குற ஒரே அளவுகோல்ல. இப்போ கிராமக் கோடு ஏறி, 2001-ல இறங்கி, திரும்ப ஏறுறது பளிச்னு தெரியும். நகரக் கோடு கீழ இருந்து கிளம்பி, 2011-ல கிராமத்தைத் தொட்டுடுற தூரத்துக்கு வந்திருக்கிறதும் தெரியும். கீழ பங்குக்கு `100% stacked column`. ரெண்டே பகுதிங்கிறதால இங்கே அது நல்லாவே வேலை செய்யும், ஏன்னா ஒண்ணு தரையில நிக்குது, இன்னொண்ணு நூறுல தொங்குது, ரெண்டுக்குமே அசையாத விளிம்பு இருக்கு. நாலஞ்சு பகுதி இருந்தா நடுவுல உள்ளதெல்லாம் மிதக்கும். அப்போ பங்கையே ஒவ்வொரு கோடா லைன் சார்ட்டுல போட்டுடுங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ப்ரெட்ஷீட் சில நேரம் ஆண்டை எண்ணா எடுத்துக்காம வெறும் பெயரா எடுத்துக்கும். அப்போ 1991, 2001, 2011, 2016-ன்னு கொடுத்தா எல்லாத்துக்கும் சம இடைவெளி விட்டுடும். ஐந்து வருஷ மாற்றம் பத்து வருஷ அகலத்துல விரிஞ்சு, கோட்டோட சரிவு பாதியாயிடும். கீழ் அச்சைப் பார்த்தாலே இது தெரிஞ்சிடும்.

2021-ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கலைங்கிறதால, கோடு 2011-லயே நிக்கணும். மதிப்பீட்டு எண்ணைச் சேர்க்கிறதா இருந்தா புள்ளிக் கோடா போட்டு, மதிப்பீடுன்னு பக்கத்துலயே எழுதிடுங்க.

அந்த 2001 பள்ளம்

லைன் சார்ட் போட்டதும் ஒரு கேள்வி தானா வரும்: 1991-க்கும் 2001-க்கும் நடுவுல கிராமத்துல 19 லட்சம் பேர் எங்கே போனாங்க? நகரத்தோட பங்கு ஒரே தாவலா பத்து சதவீதப் புள்ளி ஏறினது எப்படி?

எல்லாரும் பெட்டி கட்டிக்கிட்டுக் கிளம்பிடலை. 1991 கணக்குல தமிழ்நாட்டுல இருந்த நகரங்கள் 469. 2001-ல 832. பல ஊர்கள் இருந்த இடத்துலயே கிராமப் பட்டியல்ல இருந்து நகரப் பட்டியலுக்கு மாறியிருக்கு. உள்ளாட்சிச் சட்டப்படி பேரூராட்சி, நகராட்சின்னு அறிவிச்ச ஊர்கள் நகரமாகும். அதோட 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்கள்ல 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலைன்னு மூணு அளவுகளையும் தொட்ட ஊரையும் கணக்கெடுப்பு நகரமா எடுத்துக்கும். அங்கே குடியிருந்தவங்க வீட்டை விட்டு நகராமலே நகரவாசி ஆயிட்டாங்க.

இதை எந்தச் சார்ட்டும் தானா சொல்லாது. நம்மதான் எழுதணும். 1991-க்கும் 2001-க்கும் நடுவுல மெல்லிசா ஒரு செங்குத்துக் கோடு போட்டு, "நகரங்கள் 469-ல இருந்து 832 ஆச்சு"ன்னு ஒரு வரி. அது இல்லைன்னா லைன் சார்ட்டும் ஒரு தப்பான கதையைத்தான் சொல்லும், பெரிய இடப்பெயர்வு நடந்த மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம். லைன் சார்ட்டுல அந்த முறிவு கண்ணை உறுத்தி "ஏன்?"னு கேட்க வைக்குது. ஐந்து வட்டத்துல துண்டு கொஞ்சம் பெருசானதோட சரி, கிராமத்துல ஆள் குறைஞ்சதுக்கான தடயமே அங்கே கிடையாது.

அந்த நேயருக்கு இந்த ரெண்டு சார்ட்டையும் போட்டு மெயில்ல அனுப்பிட்டேன். நீங்களும் அட்டவணையைக் காப்பி பண்ணி, முதல்ல `Stacked area` போடுங்க, அப்புறம் அதையே லைன் சார்ட்டா மாத்திப் பாருங்க. கடைசிப் பத்து வருஷத்துல நகரம் வேகமெடுத்ததா, வேகம் குறைஞ்சதான்னு பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட ரெண்டையும் தனித்தனியா காட்டிக் கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.