கேள்வியின் சொல் பதிலுக்கு வரும்போது

(தாம்பரத்தில் நடுநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு இப்படி எழுதினேன்: ‘மண்டே எல்லாரும் சயின்ஸ் ரெக்கார்டு சப்மிட் பண்ணணும்.’ ஒரு மாணவனின் அம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘ஓகே மிஸ், மண்டே சப்மிட் பண்றோம்.’ திங்கட்கிழமை அந்தப் பையன் வெறுங்கையோடு வந்தான். மாலையில் அவனை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் கேட்டேன். ‘சப்மிட்னா ஏதோ படிச்சிட்டு வரணும்னு நினைச்சேன் மிஸ். நோட்டைக் கொண்டாந்து குடுக்கணும்னு சொல்லியிருந்தா ராத்திரியே பையில வெச்சு அனுப்பியிருப்பேனே’ என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நான் எழுதிய சொல்லை எனக்கே திருப்பி எழுதினார். ‘புரிந்துவிட்டது’ என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு எனக்கு வேறொரு கவலை வந்தது. வகுப்பில் நான் ‘சரி’ போட்ட பதில்களில் எத்தனை இந்த மாதிரி?

நம் பேச்சு கலப்பாகத்தான் இருக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் எந்த வீட்டிலும், எந்த ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை 1970களிலேயே இந்திய மொழிகளில் ஆங்கிலம் கலப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். கவனித்துப் பார்த்தால் இந்தக் கலப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ‘மண்டே ரெக்கார்டை சப்மிட் பண்ணணும்’ என்பதில் பெயர்கள் ஆங்கிலம், ஆனால் எலும்புக்கூடு தமிழ். சொற்கள் நிற்கும் வரிசை தமிழ், ‘ஐ’ உருபு தமிழ், ‘ணும்’ தமிழ். ஆறு வயதுக் குழந்தைகூட ‘லேக்ல’, ‘பஸ்ஸுக்கு’ என்று சரியாக உருபு சேர்க்கிறது. அந்த இடத்தில் ஆங்கில முன்னிடைச்சொல் வருவதில்லை.

வினைக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. ஆங்கில வினைச்சொல் தமிழ் விகுதியை நேராக ஏற்காது. அதனால் ‘பண்ணு’ அல்லது ‘ஆகு’ என்ற ஒரு பிடியைப் போட்டுக்கொள்கிறோம். ஒருவர் செய்வதற்குப் ‘பண்ணு’, தானாக நடப்பதற்கு ‘ஆகு’. ‘ஹீட் பண்ணு’, ‘ஹீட் ஆகுது.’ மிகவும் வசதியான பிடிதான். ஆனால் பொருளெல்லாம் ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. ‘பண்ணு’ வெறும் கைப்பிடி. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒருவரும் கைப்பிடியைப் பிடித்து முழு வாக்கியத்தையும் பிழையில்லாமல் தூக்கிவிடலாம். அந்த அம்மா செய்தது அதுதான்.

இனி வகுப்புக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் நீர் பற்றிய பாடம். குழந்தைகளுக்குத் தெரிந்த இடம் என்பதால் சிட்லபாக்கம் ஏரியை வைத்துக் கேட்டேன்: ‘சம்மர்ல சன்லைட் பட்டு லேக்ல இருக்கற வாட்டர் எவாப்பரேட் ஆகுதுல்ல? அப்ப லேக்ல வாட்டர் லெவல் ஏன் குறையுது?’ ஐந்தாறு கைகள் தூக்கின. ஒருவன் சொன்னான்: ‘வாட்டர் எவாப்பரேட் ஆகுது மிஸ், அதனால லெவல் குறையுது.’ அடுத்தவளும் அதையே சொன்னாள். முன்பெல்லாம் இத்தோடு மகிழ்ந்து அடுத்த பத்திக்குப் போயிருப்பேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்படிப் போக முடியவில்லை. ‘மிஸ்’, ‘அதனால’ இரண்டையும் விட்டால், அவன் பதிலில் என் கேள்வியில் இல்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

அதனால் அவனிடமே வேறு மாதிரி கேட்டேன்: ‘மாடியில ஈரத் துணி காயப் போடறோம். சாயந்திரம் எடுக்கும்போது ஈரம் இல்ல. அந்த ஈரம் எங்க போச்சு?’ கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘துணியே உறிஞ்சிடுச்சு மிஸ்’ என்றான். எவாப்பரேட் ஆகிறது என்று ஒரு நிமிடம் முன்பு சொன்ன அதே பையன்தான்.

அப்போது பின்வரிசையில், கலப்புக் கேள்விக்கு ஒருநாளும் கை தூக்காத ஒரு பெண் சொன்னாள்: ‘கண்ணுக்குத் தெரியாம காத்துல போயிடுது மிஸ். அதான் காத்தடிச்சா சீக்கிரம் காயுது.’ அந்தப் பாடத்தின் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. காற்று வீசினால் ஆவியாதல் விரைவுபடும் என்பது வரை அவளுக்குத் தெரியும். ‘எவாப்பரேட்’ என்ற சொல் மட்டும் அவளிடம் இல்லை. என் கேள்வி தெரியாதவனைத் தெரிந்தவனாகவும், தெரிந்தவளைத் தெரியாதவளாகவும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

கேட்பவரின் சொல்லையே எடுத்துப் பதில் சொல்வது குழந்தைகளின் சோம்பலால் வருவதில்லை. பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம். நெதர்லாந்தில் லெவெல்ட், கெல்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கடைக்காரர்களிடம் கடையை எப்போது மூடுவீர்கள் என்று இரண்டு விதமாகக் கேட்டார்கள். நம் மொழியில் சொன்னால், ஒன்று ‘எத்தனை மணிக்கு?’ என்பது போல, மற்றொன்று ‘மணி எத்தனை?’ என்பது போல. பொருள் ஒன்றுதான், ஒரு சின்ன இடைச்சொல்தான் வேறுபாடு. கேள்வியில் அந்த இடைச்சொல் இருந்தால் பதிலிலும் இருக்கும் போக்கு தெரிந்தது. இல்லையென்றால் பதிலிலும் விட்டுப்போனது. அவர்கள் சொன்ன ஒரு காரணம் எளிமையானது. பொருளிலிருந்து புதிதாக வாக்கியம் கட்டுவதைவிட, காதில் இப்போது விழுந்த சொல்லை மறுபடி எடுத்துக்கொள்வது சிக்கனம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கேள்விக்குப் பிறகு வேறு பேச்சு கொஞ்சம் சேர்ந்துகொண்டால் இந்த எதிரொலி குறைகிறது, சில நேரம் மறைந்தே போகிறது.

இது எனக்கு வழி காட்டியது. நான் இப்போது மூன்று காரியங்கள் செய்கிறேன்.

முதலாவது, விடையில் வரவேண்டிய சொல்லைக் கேள்வியில் கொடுப்பதில்லை. ‘எவாப்பரேட்’ விடை என்றால் அது என் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது. கேள்வியைக் கேட்டதும் கை தூக்கச் சொல்வதும் இல்லை. கேட்டுவிட்டு இரண்டு மூன்று வாக்கியம் வேறு பேசுகிறேன். ‘போன வருஷம் ஏரி எப்படி இருந்தது, இப்ப எப்படி இருக்கு, பக்கத்துல யார் வீடு?’ பிறகு, ‘சரி, தண்ணி எங்க போச்சு?’ என்கிறேன். கேள்வியின் சொற்கள் காதிலிருந்து கழன்றபின் வரும் பதில் அவர்களுடைய சொந்த வாக்கியமாக இருக்கிறது.

இரண்டாவது, கலப்பில் பதில் வந்தால் அதைத் திருத்துவதில்லை. வினையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ‘ரூட் வாட்டரை அப்சார்ப் பண்ணும்’ என்றால், ‘அப்சார்ப் பண்ணும்னா வேர் என்ன செய்யுது, கையால காட்டு’ என்கிறேன். ‘உறிஞ்சும்’, ‘இழுக்கும்’, ‘குடிக்கும்’ என்று ஏதாவது ஒரு வினை வந்தால் புரிந்திருக்கிறது. மறுபடி ‘அப்சார்ப்தான் மிஸ் பண்ணும்’ என்று வந்தால் கைப்பிடி மட்டும்தான் இருக்கிறது. இன்னோர் அடையாளமும் உண்டு. ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டும் இடம் மாறி வந்தால் கவனியுங்கள். ‘சன் வாட்டரை எவாப்பரேட் ஆகும்’ என்று எழுதும் குழந்தைக்கு எது எதைச் செய்கிறது என்பதே தெளிவில்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, எதிரொலியை நானே பயன்படுத்துகிறேன். குழந்தை ‘வாட்டர் எவாப்பரேட் ஆகுது’ என்றால், ‘ஆமா, வாட்டர் ஆவியாகுது. ஆவியாகி எங்க போகுது?’ என்று ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கேட்கிறேன். அடுத்த பதில் பெரும்பாலும் ‘ஆவியாகி மேல போகுது’ என்றுதான் வருகிறது. ‘தமிழில் சொல்’ என்று நான் சொல்வதே இல்லை. அப்படிச் சொன்னால் குழந்தை வாயை மூடிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் நான்கு சொல்லை மாற்றினாலும் பலிக்காது. ஒரு முறைக்கு ஒரு சொல், அதுவும் வினைச்சொல்.

இதற்கு எல்லையும் உண்டு. எல்லாவற்றையும் தனித்தமிழில் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நானும் ஒரு வாரம் நினைத்தேன். ‘ஆவியாதல் என்றால் என்ன?’ என்று கேட்டேன். ‘ஆவியாதல் என்பது நீர் ஆவியாக மாறும் நிகழ்வு’ என்று புத்தக வரி அப்படியே வந்தது. ஈரத் துணியைக் கேட்டால் மறுபடியும் மௌனம். தூய தமிழிலும் எதிரொலி எதிரொலிதான். தனியார் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். ‘ஆவியாதல்’ அவர்களுக்குப் புதுச் சொல். ‘எவாப்பரேஷன்’ என்றால் விளக்கிவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் குழந்தைக்கு ‘காயுது’, ‘உறிஞ்சுது’கூடச் சிரமமாக இருக்கலாம். அவர்களிடம் வரைந்து காட்டச் சொல்கிறேன். படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். படத்தில் திருப்பிச் சொல்ல என் சொல் எதுவும் இல்லை.

ஆகவே கேள்வி எந்த மொழியில் இருந்தாலும், அதையே வேறு சொற்களில் இரண்டாவது முறை கேட்க வேண்டும் என்பதுதான் என் அனுபவம். முதல் பதிலில் நம் சொற்கள் இருக்கும். குழந்தைக்கு என்ன தெரியும் என்பது இரண்டாவது பதிலில் தெரியும்.

அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம் எழுதினேன்: ‘திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டைப் பையில வெச்சு அனுப்புங்க.’ பதில் வந்தது: ‘சரி மிஸ். அட்டை கிழிஞ்சிருக்கு, ஒட்டிக் குடுத்து விடறேன்.’ கிழிந்த அட்டையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அவராகச் சேர்த்த சொல் அது. அதைப் பார்த்ததும் நோட்டு வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.