ஒலிநாடாவின் சீறலும் அதனை அடக்கிய உபாயமும்



கசெற்றிற் பதிந்த இசையைக் கேட்போர், பாட்டுத் தொடங்குமுன்னரே ஒரு மெல்லிய சீறலைக் கேட்டிருப்பர். பாடகர் உரத்துப் பாடும்போது அது புலப்படுவதில்லை. வீணையின் நாதம் தேய்ந்து மறையும் இடத்தில் மீண்டும் தலைகாட்டும். இச்சீறலை அடக்கப் பொறியியலாளர் கண்ட உபாயத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

நாடாவின் மேற்பூச்சு எண்ணற்ற காந்தத் துணிக்கைகளால் ஆனது. பதிவின்போது அவை ஒலிக்கேற்ப ஒழுங்குபடுகின்றன. எனினும் முற்றாக ஒழுங்குபடுவதில்லை. எஞ்சிய ஒழுங்கீனமே சீறலாகக் கேட்கின்றது. வினாடிதோறும் முனையைக் கடக்கும் துணிக்கைகள் மிகப் பலவாயின், இசையோடு ஒப்பிடுமிடத்து அச்சீறல் சிறிதாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களின் அகன்ற நாடா வினாடிக்கு 38 சதமமீற்றர் வேகத்தில் ஓடியது. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கசெற்றோ 4.76 சதமமீற்றரே ஓடும். அதன் நாடாவும் 4 மில்லிமீற்றர் அகலமில்லாதது. சீறல் மிகுந்ததில் வியப்பில்லை.

சீறல் செவியை உறுத்துவது பெரும்பாலும் உயர்ந்த சுருதிப் பகுதியில். அப்பகுதியைத் திருகியாற் குறைத்துவிடலாமே என்பீர்கள். குறைத்தால் சீறலுடன் தாளத்தின் கணீரொலியும், ‘ச’ என்னும் எழுத்தின் கூர்மையும் போய்விடும். நோயோடு நோயாளியையும் வெளியேற்றும் மருத்துவம் அது.

அமெரிக்கரான றே டொல்பி வேறு வழி கண்டார். 1963 முதல் 1965 வரை இந்தியாவில் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் ஆலோசகராகப் பணியாற்றிய பின்னர், 1965இல் இலண்டனில் தமது ஆய்வுகூடத்தை நிறுவினார். முதலில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், 1968இல் வீட்டுக் கருவிகளுக்கெனப் ‘பீ’ என்னும் எளிய முறையையும் வகுத்தார்.

அதன் செய்கை இது. உயர்சுருதிப் பகுதியில் ஒலி மெல்லியதாக இருந்தால், பதிவதற்கு முன்னரே கருவி அதனை உயர்த்திவிடும். உரத்த ஒலியைத் தொடாது. தொட்டால் நாடா தாங்கமாட்டாது. இவ்வாறு மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்குகின்றது. கேட்கும்போது உயர்த்திய அளவையே கருவி மீண்டும் தாழ்த்தி, அத்தூரத்தை விரிக்கின்றது.

ஓர் உதாரணம் பார்ப்போம். உரத்த ஒலியிலும் 40 டெசிபெல் தாழ்ந்த ஒரு மெல்லொலி. நாடாவின் சீறல் 50 டெசிபெல் தாழ்ந்தது. இரண்டுக்கும் இடைவெளி 10 மட்டுமே. பதியும்போது மெல்லொலியை 10 உயர்த்தினால் அது 30 தாழ்ந்த நிலையில் நாடாவில் ஏறும். சீறல் நாடாவிலேயே பிறப்பதால், அந்த உயர்வு அதற்குக் கிட்டாது. திரும்ப 10 தாழ்த்தும்போதோ இரண்டும் தாழும். ஒலி தன் பழைய 40க்கு வர, சீறல் 60க்கு இறங்கிவிடுகின்றது. இடைவெளி 20 ஆயிற்று. உரத்த ஒலி வரும்போது சீறல் பழையபடி 50இலேயே நிற்கும்; ஆயினும் அவ்வொலியின் மறைவிலே செவிக்கு அது எட்டாது.

இதனால் ஒன்று விளங்கும். இம்முறை நாடாவிற் பிறந்த சீறலையே அடக்கும். பாடும் மண்டபத்து விசிறியின் இரைச்சல் மூல ஒலியோடு சேர்ந்து வந்தால், அது அப்படியே திரும்பிவரும். இதனைப் பலர் அறியாமல் கருவியைக் குறைகூறுவர்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதை கேட்கும் கருவி எங்ஙனம் அறியும்? நாடாவில் அதற்கெனத் தனிக்குறிப்பு இல்லை. ஒலியின் அளவே குறிப்பு. மெல்லியதாக வந்தால், உயர்த்தப்பட்டதென்று கொண்டு தாழ்த்துகின்றது. வழு நேர்வதும் இவ்விடத்திலேயே. முனை சற்றுச் சரிந்திருந்தாலோ, அதில் அழுக்குப் படிந்திருந்தாலோ, உயர்சுருதி நாடாவிலிருந்து குறைந்தே வெளிவரும். கருவியோ அதனை இன்னும் மெல்லிய ஒலியென்று மயங்கி, மேலும் தாழ்த்திவிடும். குறை பெருகுகின்றது. உரத்த இடங்கள் ஓரளவு தெளிவாகவும், மெல்லிய இடங்கள் போர்வை மூடியதுபோல் மங்கியும் கேட்குமாயின் இவ்வழுவென்று ஐயுறலாம். டொல்பி இன்றிப் பதிந்த நாடாவை அதன் விசையைப் போட்டுக் கேட்டாலும் இவ்வாறே மங்கும். மாறாக, டொல்பியிற் பதிந்ததை விசையின்றிக் கேட்டால் ‘ச’ ஒலிகள் கூசும், சீறலும் குறையாது.

பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றுவோர் இன்று பலர். அவர்கள் உறையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ‘டீ’ எழுத்துக்களைக் கொண்ட முத்திரையை முதலிற் பார்க்கவேண்டும். முத்திரை இருப்பின், முனையைத் துடைத்து, விசையை நிறுத்திவைத்து, உயர்சுருதி மிகத் தெளிவாகக் கேட்கும்வரை முனையின் சரிவைத் திருத்தி, அதன் பின்னரே விசையைப் போடுதல் வேண்டும். விசையைப் போட்டுவிட்டு முனையைத் திருத்த முயன்றால், எந்தக் குறை முனையினுடையது, எது கருவி பெருக்கியது என்று பிரித்தறிவது அரிது.