உள்ளே இருப்பவரின் பெயர்



ஒரு பொருளை இரண்டு நிறுவனங்களின் பெயர்கள் சேர்ந்து விற்றால் அது கூட்டு பிராண்டிங். அவற்றுள் ஒன்று, பொருளுக்குள் இருக்கும் பாகத்தைச் செய்தவரின் பெயரானால் அது உட்கூறு பிராண்டிங். இதன் லாபத்தையும் ஆபத்தையும் இன்டெல் நிறுவனத்தின் அனுபவத்தில் ஒருசேரப் பார்க்கலாம்.

386 என்ற எண்ணை இன்டெல் தன் வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. போட்டியாளரான ஏ.எம்.டி.யும் தன் சிப்பை அதே எண்ணில் விற்கலாம் என்றாகிவிட்டது. அந்த ஆண்டே ‘இன்டெல் இன்சைடு’ திட்டம் வந்தது. கம்ப்யூட்டர் நிறுவனங்கள் சிப்புக்குக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்கை இன்டெல் விளம்பர நிதியாக ஒதுக்கியது. தங்கள் விளம்பரத்தில் இன்டெல் சின்னத்தைப் போட்டவர்களுக்கு அந்த நிதியிலிருந்து செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

சிறிய கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கு இது வரம். பெயர் தெரியாத பெட்டியையும் அந்தச் சின்னத்தை நம்பி மக்கள் வாங்கினார்கள். காம்பாக் போன்ற பெரிய நிறுவனத்துக்கோ இதுவே தலைவலி. எல்லாப் பெட்டியிலும் ஒரே சின்னம் இருந்தால், காம்பாக்குக்கு மட்டும் கூடுதல் விலை ஏன் தர வேண்டும்? 1994இல் காம்பாக் திட்டத்திலிருந்து விலகியது; பின்னர் திரும்பியும் வந்தது.

அதே 1994இல் ஆபத்தின் மறுபக்கம் தெரிந்தது. பென்டியம் சிப்பின் வகுத்தலில் பிழை இருப்பதைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிப்படுத்தினார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியம் 1.33374 என்றது. சாதாரணப் பயனருக்கு இப்படிப்பட்ட பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்றது இன்டெல். தேவையை நிரூபிப்பவர்களுக்கே மாற்றுச் சிப் என்றும் சொன்னது. டிசம்பர் 12 அன்று ஐ.பி.எம். தன் பென்டியம் கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்காக 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது.

இன்டெல் தவறியது எங்கே? பொறியாளர்களுக்குப் பாகம் விற்ற காலத்துப் பதிலையே அது வீட்டுக்காரர்களுக்கும் சொன்னது. பிழை எத்தனை அரிது என்பது பொறியாளரின் கேள்வி. வாங்கியவரோ, காசு கொடுத்த பொருள் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சின்னம் இல்லாதிருந்தால் அவர் கம்ப்யூட்டர் விற்றவரிடம் போயிருப்பார். மூன்றாண்டு விளம்பரம் அவரை நேரே இன்டெலிடம் அனுப்பியது.

ஆகவே இரு பிராண்டுகள் சேரும்போது, விளம்பரச் செலவை யார் ஏற்பது என்பதோடு ஒப்பந்தம் முடிந்துவிடக் கூடாது. பழுது வந்தால் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது, மாற்றும் செலவு யாருடையது, விற்பனையை நிறுத்தும் உரிமை யாருக்கு, விலகினால் சின்னத்தை எப்போது எடுப்பது என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். இவற்றுக்கு விடை எழுத மறுக்கும் கூட்டாளியின் சின்னத்தை, அவர் பாதி விளம்பரச் செலவைத் தந்தாலும், நம் பொருளின் மேல் ஒட்டக் கூடாது.