ஸ்விட்சை அணைத்ததும் அடங்கும் உதறல்

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கும் நேரத்தில் ஃபில்டர் பாயிண்ட் போரின் மோட்டார் உதறத் தொடங்கினால், தஞ்சைப் பக்கத்தில் பலரும் உடனே கழற்றி காயில் கட்டக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு.

மோட்டார் முழு வேகத்தில் ஓடட்டும். சுழலும் பாகங்களிலிருந்து விலகி, உலர்ந்த மரக்குச்சியை மோட்டார் உடம்பில் ஊன்றிப் பிடியுங்கள். உதறல் கைக்குத் தெரியும். இன்னொருவர் ஸ்டார்ட்டரை அணைக்கட்டும். அணைத்த மறுகணம் ஷாஃப்ட் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். காந்தப்புலமோ கண நேரத்தில் வற்றிவிடும். உதறலும் அந்தக் கணமே அற்றுப்போனால், காரணம் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால் பேரிங், வளைந்த ஷாஃப்ட், அடைப்பு விழுந்த இம்பெல்லர் என்று தேடுங்கள். மோனோபிளாக் பம்ப் சில நொடிகளில் நின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று முறை பார்த்தால்தான் நிச்சயமாகும்.

மின்சாரம் போகும்போது சுமையும் சேர்ந்தே போகிறது. கோணலான கப்ளிங்கும் இழுவை நின்றதும் அமைதியாகிவிடலாம். கப்ளிங் உள்ள பம்பு என்றால் அதைக் கழற்றி, மோட்டாரைத் தனியே ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உதறி, அணைத்ததும் சட்டென்று நின்றால் மின்சாரத்தின் மீது சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து மூன்று பேஸ்களையும் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கவேண்டும். 415, 410, 390 வோல்ட் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 405. அதிலிருந்து அதிகம் விலகியது 390. வித்தியாசம் 15 வோல்ட், அதாவது 3.7 சதவீதம். பார்வைக்குச் சிறிது. ஆனால் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வு இதைப்போல ஆறு முதல் பத்து மடங்கு வரை போகும். காயில் சூடாகும், காந்த இழுப்பு சீரிழந்து நொடிக்கு 100 தடவை அதிரும். இரண்டு பேஸில் கண்டென்சர் போட்டு ஓட்டுபவர்கள் கேட்கும் அந்த உறுமலும் இதே வகைதான்.

குறை லைனிலா, காயிலிலா? மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் மூன்று ஒயர்களையும் ஒரே வரிசையில் ஓரிடம் தள்ளி மாட்டட்டும். சுழலும் திசை மாறாது. கூடுதல் ஆம்பியர் அதே லைனிலேயே நின்றால் குறை வரும் மின்சாரத்தில். பியூஸ் கட்டை, ஸ்டார்ட்டர் காண்டாக்ட், தளர்ந்த ஜாயிண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். அது மோட்டாரின் அதே காயிலோடு அடுத்த லைனுக்கு நகர்ந்தால் மட்டுமே ரீவைண்டிங் பற்றி யோசிக்கவேண்டும்.

ஆம்பியர் மூன்றிலும் சமமாக இருந்தும் உதறுகிறதா? தேய்ந்த பேரிங்கால் ரோட்டார் ஒரு பக்கம் ஒதுங்கினால், ஸ்டேட்டருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கோணலாகி, காந்தம் ஒருபுறமாக இழுக்கும். அணைத்ததும் நின்றுவிடும், ஆனால் மூலக்காரணம் பேரிங்தான். மோட்டாரின் ஒரு கால் தரையில் படியாமல் போல்ட்டை இறுக்கினாலும் சட்டம் முறுகி இதே கோளாறு வரும். மெயினை அணைத்து போல்ட்டைத் தளர்த்தி, காலடியில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்தத் தடிமனுக்கு ஒரு தகட்டை அங்கேயே வைத்து, பிறகு இறுக்குங்கள்.